நெரிசலான 10 கிலோமீட்டர் ரேஸ்: எங்கே ஒட்டி ஓடுவது, எங்கே முடுக்குவது, எப்போது கிக்

தனியாக ஓடும்போது 10 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் முடிக்கிறவர், ரேஸ் அன்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவில் 51, 52 என்று முடிப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். பயிற்சியில் குறை இருக்காது. கூட்டத்துக்குள் எங்கே சக்தியைச் செலவழிக்க வேண்டும், எங்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதில்தான் பிசகு நடக்கிறது.

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு தம்பி இருக்கிறான். 50 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவன் இலக்கு. சென்னை கடற்கரைச் சாலையில் ஒரே தடத்தில் அடுத்தடுத்து இரண்டு வருடம் ஓடினான். முதல் வருடம் 51:06, அடுத்த வருடம் 49:56. இரண்டின் கிலோமீட்டர் கணக்கும் என்னிடம் இருக்கிறது, அதனால் அவனையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நேப்பியர் பாலம் பக்கம் தொடக்கம், லைட் ஹவுஸ் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும், அதே சுற்று இன்னொரு முறை. மொத்தம் மூன்று யூ-டர்ன்: 2.5, 5, 7.5 கிலோமீட்டரில்.

ஒரு சொல் விளக்கம். ஓட்டத்தின் நடுவில் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் வேகத்தைக் கூட்டுவதை ரன்னர்கள் 'சர்ஜ்' என்பார்கள், அதை நான் முடுக்கு என்றே எழுதுகிறேன். கடைசி வேகத்தைக் கிக் என்றே வைத்துக்கொள்வோம், அதற்கு எல்லாருக்கும் தெரிந்த வேறு சொல் இல்லை.

## 1. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

முதலில் உங்கள் உண்மையான வேகம். ஆசைப்படுகிற வேகத்தை வைத்துக்கொண்டு உத்தி போட முடியாது. 50 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 5:00. கடந்த ஒரு மாதத்தில் 5:00 வேகத்தில் நடுவில் சின்ன ஓய்வு விட்டு மூன்று தடவை 2 கிலோமீட்டர் ஓடி, மூன்றாவதையும் உடைந்துபோகாமல் முடித்திருந்தால் சரி. அது முடியவில்லை என்றால் இலக்கை 51 ஆக்கிக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அப்போதும் பொருந்தும்.

அடுத்து தடம். யூ-டர்ன் எங்கே, தண்ணீர் மேஜை எங்கே, சாலை எங்கே குறுகுகிறது, கடைசித் திருப்பத்துக்கும் ஃபினிஷ் லைனுக்கும் எவ்வளவு தூரம் என்ற நான்கும் தெரிந்திருந்தால் போதும். தொடக்கமும் முடிவும் ஒரே இடம் என்றால், வார்ம் அப் ஓடும்போதே கடைசி 500 மீட்டரை ஒருமுறை பார்த்துவிடலாம். கிக் பற்றிச் சொல்லும்போது இது ஏன் என்று புரியும்.

மூன்றாவது, வாட்ச். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தானாக லேப் போடும் வசதியை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது நீங்களே பட்டனை அழுத்துங்கள். கூட்டத்தில் வளைந்து வளைந்து ஓடும்போது ஜிபிஎஸ் வாட்ச் உண்மைத் தூரத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். பலகை வருவதற்கு முன்பே வாட்ச் கிலோமீட்டரை முடித்துவிடும். அதை நம்பி 4:58 என்று சந்தோஷப்பட்டால், பலகைக் கணக்கில் 5:03 ஆக இருக்கும். கடைசியில் 10.12 கிலோமீட்டர் காட்டுகிறது, தடம் தவறாக அளந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை. தடத்தை அளக்கும்போது ஓடக்கூடிய மிகக் குறுகிய பாதையில்தான் அளப்பார்கள். நாம் யாரும் அந்தப் பாதையில் துல்லியமாக ஓடுவதில்லை.

ஷூ லேஸுக்கு இரட்டை முடிச்சு. பின்னால் வருகிறவர் மிதித்தால் ஒற்றை முடிச்சு நிற்காது.

## 2. நிற்கும் இடம்

முதல் கிலோமீட்டர் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதிலேயே முடிவாகிவிடும்.

புதியவர்கள் இரண்டு மாதிரி தவறு செய்கிறார்கள். ஒன்று, வெட்கப்பட்டுக் கடைசியில் நிற்பது. அப்புறம் மெதுவாகப் போகிற இரண்டாயிரம் பேரைத் தாண்ட வேண்டியிருக்கும். இன்னொன்று, முன்வரிசையில் போய் நிற்பது. அங்கே எல்லாரும் 4:00 வேகத்தில் கிளம்புவார்கள், அந்த அலையில் நீங்களும் இழுபட்டுப் போவீர்கள்.

சொன்ன நேரத்தில் முடிக்கும்படி சீராக ஓடி வழிகாட்டுகிறவர் பேசர். உங்கள் நேரத்துக்கான பேசர் கொடி பிடித்து நிற்பார். அவருக்குப் பின்னால் நான்கைந்து மீட்டரில், கூட்டத்தின் ஓரமாக நில்லுங்கள். எந்த ஓரம்? முதல் திருப்பம் வலப்பக்கம் என்றால் இடது ஓரம். திருப்பத்தின் உள்பக்கம்தான் எல்லாரும் நெருக்குவார்கள், அங்கே நடைவேகத்துக்கு இறங்கிவிடும். வெளிப்பக்கம் ஒன்றிரண்டு மீட்டர் கூடினாலும் ஓட்டம் தடைபடாது.

பேசருக்குப் பின்னால் நிற்பதில் சின்ன லாபமும் இருக்கிறது. உங்களிடம் இருக்கும் சிப் கணக்கிடும் நேரம், அதாவது சிப் டைம், தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும் டைமிங் மேட்டை நீங்கள் தாண்டும்போதுதான் தொடங்குகிறது. பேசர் தாண்டி 10 விநாடி கழித்து நீங்கள் தாண்டினால், ஃபினிஷில் அவருக்கு 10 விநாடி பின்னால் வந்தாலும் நேரம் ஒன்றுதான். அந்த 10 விநாடியை உடனே பிடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் தேவையே இல்லை. பரிசுக்கு ஓடுகிறவர்களின் கதை வேறு. அங்கே பொதுவாகத் துப்பாக்கிச் சத்தத்திலிருந்துதான் கணக்கு.

## 3. முதல் கிலோமீட்டர்: இழக்கத் தயாராக இருங்கள்

முதல் வருடம் தம்பி ரேஸ் முடிந்து வந்து சொன்ன முதல் வார்த்தை: "அண்ணா, இடமே கிடைக்கல, பூந்து பூந்து வந்தேன்." பூந்து பூந்து வந்ததில் முதல் கிலோமீட்டர் 4:38, இரண்டாவது 4:50. அந்த இரண்டு கிலோமீட்டரிலேயே ரேஸ் முடிந்துவிட்டது. அது அவனுக்குத் தெரிந்தது ஆறாவது கிலோமீட்டரில்.

ஏன் இப்படி ஆகிறது? கூட்டத்தில் புகுந்து ஓடும்போது கிலோமீட்டர் சராசரி 4:38 என்று காட்டினாலும், உள்ளே நடப்பது வேறு. இடைவெளி கண்டதும் 4:10 வேகத்தில் பாய்வீர்கள். முன்னால் நான்கு பேர் கைகோத்த மாதிரி போவார்கள், 5:30-க்கு இறங்குவீர்கள். மறுபடி பாய்வீர்கள். ஒவ்வொரு தடவை நிறுத்தி எடுக்கும்போதும் உடம்பு கடன் வாங்குகிறது. 10 கிலோமீட்டர் வேகம் ஏற்கெனவே மூச்சு தாங்கக்கூடிய எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால், அந்தக் கடனை ஓடிக்கொண்டே அடைக்க வழியில்லை.

இப்போது இரண்டாம் வருடக் கணக்கு. முதல் கிலோமீட்டர் 5:14. 14 விநாடி நஷ்டம். கேட்கப் பெரிதாகத் தெரியும். மீதி 9 கிலோமீட்டரில் பிரித்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை விநாடி. அதைத் திரும்ப எடுக்க முடியாதவர் யாரும் இல்லை.

தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால், நீளமான சாய்கோட்டில் தாண்டுங்கள். பக்கவாட்டில் 3 மீட்டர் நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை 30 மீட்டர் நீளத்தில் மெல்ல நகர்ந்தால் கூடுதல் தூரம் வெறும் 15 சென்டிமீட்டர். 5 மீட்டருக்குள் சடாரென்று வெட்டினால் 80 சென்டிமீட்டருக்கு மேல், அதோடு கணுக்காலுக்கும் வேலை, பின்னால் வருகிறவரோடு மோதலும் சேரும். அதற்காகத்தான் பார்வை முன்னால் போகிறவர் முதுகில் நிற்காமல் 20, 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அங்கே திறக்கப்போகிற இடைவெளிக்கு இப்போதே மெல்ல நகர ஆரம்பிக்கலாம்.

நடைபாதை மேல் ஏறி ஓடுகிறவர்கள் எல்லா ரேஸிலும் உண்டு. ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் தொடைக்கு அடி. அதைவிட, விடியாத இருட்டில் உடைந்த சிமென்ட் பலகையில் கால் வைத்தவர்களை ஆம்புலன்ஸ் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

## 4. இரண்டாவது கிலோமீட்டர்: ஆளைத் தேர்ந்தெடுப்பது

ஒன்றரை கிலோமீட்டர் வாக்கில் கூட்டம் கொஞ்சம் பிரியும். இப்போதுதான் யாருக்குப் பின்னால் ஒட்டி ஓடுவது என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் தேர்ந்தெடுத்தால் தவறாகத்தான் போகும், ஏனென்றால் முதல் கிலோமீட்டரில் எல்லாரும் வேறு யாரோ மாதிரி ஓடுவார்கள்.

நான் முதலில் பார்ப்பது தோள்பட்டை. மேலும் கீழும் குதிக்காமல், ஒரே உயரத்தில் போகிறவரா? அப்புறம் காலடிச் சத்தம் கேட்பேன். சீராக, ஒரே தாளத்தில் விழுந்தால் அவர் வேகத்தை அறிந்து ஓடுகிறவர். திரும்பித் திரும்பிப் பார்ப்பவர், தெரிந்தவர்களுக்குக் கை காட்டுகிறவர், ஃபோனில் வீடியோ எடுப்பவர் வேண்டாம். இரண்டு காதிலும் இயர்ஃபோன் போட்டவரும் வேண்டாம். நீங்கள் பின்னால் இருப்பதே அவருக்குத் தெரியாது, சட்டென்று குறுக்கே வந்துவிடுவார்.

பேசரைச் சுற்றிச் சேர்ந்து ஓடுகிற கும்பலை 'பஸ்' என்பார்கள், அதுவும் ஒரு நல்ல வழிதான். ஆனால் பஸ்ஸின் நடுவில் உட்காராதீர்கள். முப்பது பேர் நெருக்கமாகப் போகிற கும்பலுக்குள் தரை தெரியாது, தண்ணீர் மேஜையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். பஸ்ஸின் பின் ஓரத்தில், இரண்டு மூன்று மீட்டர் விட்டு ஓடினால் பேசரின் கொடியும் தெரியும், வழியும் இருக்கும்.

தம்பி இரண்டாம் வருடம் பிடித்தது ஐந்தாறு பேர் கொண்ட சின்னக் கூட்டம். அதில் நடுத்தர வயது அக்கா ஒருவர், கடிகாரம் மாதிரி 5:00 போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான்.

## 5. ஒட்டி ஓடுவது: எவ்வளவு நெருக்கம், எந்தப் பக்கம்

நேர் பின்னால் ஓடக் கூடாது. முன்னால் இருப்பவரின் ஒரு தோளுக்குப் பின்னால், அரை உடம்பு விலகி, ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஓடுங்கள். அரை உடம்பு விலகி இருந்தால் பள்ளமும் வேகத்தடையும் இரண்டு காலடி முன்னதாகவே கண்ணில் படும். கால் இடறும் வாய்ப்பும் குறையும்.

இடறுவது கற்றுக்குட்டிகளின் பிரச்சினை மட்டும் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக் 10,000 மீட்டரில் மோ ஃபாரா நடுவழியில் கீழே விழுந்தார். தட்டியது அவரோடு பயிற்சி செய்த கேலன் ரப்பின் கால். ஃபாரா எழுந்து ஓடித் தங்கமே வாங்கினார். நாம் எழுந்தால் முழங்காலைத்தான் பார்ப்போம்.

பார்வை அவருடைய இடுப்பில் இருக்கட்டும். காலைப் பார்த்தால் உங்கள் தலை குனிந்து மூச்சு அடைபடும். இடுப்பு திரும்பினால் ஆள் திரும்பப்போகிறார் என்று முன்கூட்டியே தெரியும்.

ஒட்டி ஓடுவதன் லாபம் காற்றைப் பொறுத்தது. காற்றே இல்லாத காலையில் 5:00 வேகத்தில், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டரில், காற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு. அப்போது கிடைப்பது மன லாபம்தான்: வேகத்தைக் கணக்குப் பார்க்கும் வேலையை வேறொருவர் பார்க்கிறார். எதிர்க்காற்று வந்துவிட்டால் கதை மாறுகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் ஓடினால் முகத்தில் படுவது 27 கிலோமீட்டர் காற்று. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால், காற்றில்லாத நேரத்தைவிட அது ஐந்து மடங்கு. அங்கே ஒரு முதுகுக்குப் பின்னால் இருப்பது உண்மையாகவே மிச்சம்.

தம்பியின் இரண்டாம் வருட ரேஸ் அன்று காற்று வடக்கிலிருந்து அடித்தது. லைட் ஹவுஸ் பக்கம் போகும்போது முதுகில், திரும்பி வரும்போது முகத்தில். அதனால் 2.5-லிருந்து 5 வரை அந்த அக்காவின் பின்னால் ஒளிந்து வந்தான், மூன்றாவது கிலோமீட்டர் 5:00, நான்காவது 4:58.

பின்காற்றில் இதற்கு நேரெதிராகச் செய்ய வேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை. காற்று உங்கள் வேகத்திலேயே பின்னாலிருந்து வந்தால் உடம்பில் காற்றே படாது. வியர்வை காயாது. நம் கடற்கரை ஈரத்தில், கும்பலுக்குள்ளும் இருந்துவிட்டால் இட்லிப் பானைக்குள் ஓடுகிற மாதிரிதான். அந்தப் பகுதியில் கூட்டத்தை விட்டு ஒன்றிரண்டு மீட்டர் வெளியே வந்து, ஓரமாக, அதே வேகத்தில் ஓடுங்கள். காதில் சூடு ஏறுவது, சட்டை முதுகோடு ஒட்டி நிற்பது எல்லாம் வெளியே வர வேண்டிய அடையாளங்கள்.

முன்னால் இருப்பவர் வேகம் குறைந்துவிட்டாரா என்று எப்படித் தெரியும்? உங்கள் மூச்சு திடீரென்று சுலபமாகும், அடி சின்னதாகும், அவர் மேல் ஏறிவிடுவோமோ என்று தோன்றும். ஒரு கிலோமீட்டர் பலகையில் மூன்று விநாடி கூடினால் விடுங்கள். அடுத்ததிலும் கூடினால் அவரை விட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டும். அதற்குத்தான் முடுக்கு.

## 6. யூ-டர்னும் தண்ணீரும்

யூ-டர்னில் அடையாளமாக வைத்திருக்கும் கோனிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் திரும்பினால் கூடுதலாக ஓடுவது 3.14 மீட்டர். மூன்று திருப்பத்துக்கும் சேர்த்துப் பத்து மீட்டர்கூட இல்லை. நெரிசலில் உள்பக்கம் நுழைந்து நின்றுபோவதைவிட அகலமாகச் சுற்றி வருவது மேல். தனியாக இருந்தால் மட்டும் கோனை உரசித் திரும்புங்கள்.

தண்ணீர் மேஜைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் முதல் மேஜையில் கை நீட்டாதீர்கள். எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள், தரையும் வழுக்கும். கடைசி மேஜையில் கூட்டம் இருக்காது. கப்பை மேலே நசுக்கி மூக்கு மாதிரி ஆக்கிக்கொண்டு இரண்டு வாய் குடித்தால் போதும், மீதியைக் கழுத்தில் ஊற்றிக்கொள்ளலாம்.

## 7. முடுக்கு: எப்போது, எவ்வளவு

50 நிமிட ஓட்டத்தில் முடுக்குவதற்கு உங்களிடம் இரண்டு வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ரொம்பப் பயிற்சி உள்ளவர்களுக்கு மூன்று. அதைப் பொருத்தமான இடத்துக்கு வைத்திருக்க வேண்டும். யாரோ உங்களைத் தாண்டிப் போனது முடுக்குவதற்குக் காரணமே இல்லை.

உண்மையான காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: நீங்கள் இருந்த கூட்டத்துக்கும் உங்களுக்கும் இடையில் இடைவெளி விழுந்துவிட்டது, அல்லது உங்கள் கூட்டம் தளர்ந்து அடுத்த கூட்டம் முன்னால் தெரிகிறது.

இடைவெளி 15 மீட்டர் என்றால் மூடலாம். ஆனால் பாய்ந்து மூடக் கூடாது. முன்னால் இருப்பவர்கள் 5:00-இல் போகிறார்கள், நீங்கள் 4:45-க்கு ஏற்றினால் ஒரு விநாடிக்கு ஒரு சாண் கூட நெருங்க மாட்டீர்கள். 15 மீட்டரை மூட ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஏறக்குறைய 300 மீட்டர் ஆகும். அப்படித்தான் ஆக வேண்டும். 4:30-இல் போனால் பாதித் தூரத்தில் பிடித்துவிடலாம், ஆனால் பிடித்ததும் மூச்சு வாங்கி, அவர்களோடு நிலைக்க முடியாமல் மறுபடி பின்னால் விழுவீர்கள். பிடிப்பதைவிடப் பிடித்த பிறகு அங்கேயே இருப்பதுதான் கஷ்டம். இடைவெளி 30 மீட்டருக்கு மேல் போய்விட்டால் விட்டுவிட்டு, பின்னால் வருகிற கூட்டத்துக்குக் காத்திருப்பது நல்லது.

முடுக்குவதற்கு ஏற்ற இடம், யூ-டர்ன் முடிந்து நேராகும் இடம். திருப்பத்தில் எல்லாரும் வேகத்தை இழந்திருப்பார்கள், எப்படியும் திரும்ப எடுத்தாக வேண்டும், அந்த எடுப்பையே கொஞ்சம் நீட்டினால் போதும். பாலம் ஏறும்போது முடுக்காதீர்கள். ஏறி முடித்த உச்சியில் எல்லாரும் மூச்சு விட்டுத் தளரும் அந்த இருபது முப்பது மீட்டரில் வேகத்தை விடாமல் இருந்தாலே ஐந்தாறு பேரைத் தாண்டிவிடுவீர்கள்.

தம்பிக்கு இது 7.5-இல் தேவைப்பட்டது. ஆறாவது கிலோமீட்டர் 4:58. ஏழாவதில் முதல் சுற்றையே இன்னும் முடிக்காத நடைக்காரர்கள் வரிசை வரிசையாக வழியில் வந்தார்கள், தண்ணீரும் எடுத்தான், 5:02. யூ-டர்ன் முடிந்து பார்த்தால் அக்காவின் கூட்டம் 15 மீட்டர் முன்னால். எதிர்க்காற்று வேறு, இன்னும் இரண்டரை கிலோமீட்டர் தனியாக அதை வாங்க வேண்டும். இங்கே செலவு செய்தே ஆக வேண்டும். 4:45 வேகத்தில் கால் கிலோமீட்டர் ஓடிச் சேர்ந்துவிட்டான். எதிர்க்காற்றில் கூட்டம் 5:05-க்கு இறங்கியிருந்ததால் கொஞ்சம் சீக்கிரமே கிடைத்துவிட்டது. சேர்ந்ததும் முன்னால் போகவில்லை. அக்காவின் பின்னால் புகுந்து 8.5 வரை 750 மீட்டரும் மூச்சைச் சரி செய்துகொண்டான். எட்டாவது கிலோமீட்டர் 5:00.

முடுக்கி முடித்ததும் முன்னால் போய் நின்றுவிடுவது புதியவர்களின் வழக்கமான தவறு. வாங்கின இடத்தில் உட்காராமல், அதே வேகத்தில் முன்னே போய்க் காற்றை வாங்கிக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எல்லாருக்கும் பின்னால் போய்விடுவார்கள்.

## 8. ஒன்பதாவது கிலோமீட்டர்: வெளியே வாருங்கள்

இதுவரை ஒளிந்திருந்தோம். ஒளிந்த இடமே கடைசியில் பொறியாகிவிடும். முன்னால் இருவர், பக்கத்தில் ஒருவர், இன்னொரு பக்கம் தடுப்பு. கிக் எடுக்க நினைக்கும்போது வழி இருக்காது.

அதனால் 8.5 தாண்டியதும் கூட்டத்தின் திறந்த பக்கத்துக்கு, முன்னால் ஓடுகிறவரின் தோளுக்கு இணையாக வந்துவிடுங்கள். வேகத்தைக் கூட்ட வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுங்கள். எந்தப் பக்கம் என்பதை ஃபினிஷ் முடிவு செய்யும். பல ரேஸ்களில் கடைசி முந்நூறு மீட்டரில் ஒரு பக்கம் 5 கிலோமீட்டர் நடக்கிறவர்களுக்கு, இன்னொரு பக்கம் 10 கிலோமீட்டருக்கு என்று தடுப்பு போட்டுப் பிரிப்பார்கள். தவறான பக்கம் இருந்தால் கடைசி நேரத்தில் குறுக்கே வெட்ட வேண்டும்.

தம்பி ஒன்பதாவதை 4:56-இல் ஓடினான். 9 கிலோமீட்டர் பலகையில் வாட்ச் 45:12.

## 9. கிக்

கிக்கில் எல்லாரும் செய்யும் தவறு, ஃபினிஷ் ஆர்ச் கண்ணில் பட்டதும் தொடங்குவது. கடற்கரைச் சாலை மாதிரி நேரான சாலையில் ஆர்ச் ரொம்ப தூரத்திலிருந்தே தெரியும். பெரிய பலூன் ஆர்ச் என்றால் பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். முதல் வருடம் தம்பி அதைப் பார்த்துப் பாய்ந்தான். 300 மீட்டர் கழித்து நிமிர்ந்தால் ஆர்ச் அதே அளவில் நின்றது. கடைசி 200-ஐ நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் எதையோ செய்து முடித்தான்.

எவ்வளவு தூரக் கிக் உங்களுடையது என்று பயிற்சியில்தான் தெரியும். ரேஸ் வேகத்தில் 5 கிலோமீட்டர் ஓடி முடித்து, நிற்காமல் முழு வேகம் எடுங்கள். ஒரு வாரம் 400 மீட்டர், அடுத்த வாரம் 300, அப்புறம் 200. எந்தத் தூரத்தில் தோள் காதுக்கு ஏறாமல், அடி சிதறாமல் முடிக்கிறீர்களோ அதுதான் உங்கள் தூரம். நம்மில் பலருக்கு அது 200, கொஞ்சம் வேகம் உள்ளவர்களுக்கு 300.

பிறகு அந்த இடத்துக்கு ஒரு அடையாளம் வேண்டும். வார்ம் அப்பில் ஃபினிஷிலிருந்து பின்னோக்கி 200, 500 மீட்டர் ஓடிப் பார்த்து, அங்கே ஒரு மரத்தையோ வாசல் கதவையோ குறித்துக்கொள்ளுங்கள். வண்டியோ பேனரோ வேண்டாம், அது நகர்ந்துவிடும். தம்பி குறித்தது ஒரு பேருந்து நிழற்குடை.

கடைசிக் கிலோமீட்டரை அவன் மூன்றாகப் பிரித்திருந்தான். முதல் 500 மீட்டரை 4:52 வேகத்தில் ஓடினான். இது கிக் இல்லை, கையை மட்டும் கொஞ்சம் வேகமாக வீசுவது. கை வேகமானால் கால் தானாக வரும். அடுத்த 300 மீட்டர் 4:45, இங்கே ஒவ்வொருவராகத் தாண்டினான். நிழற்குடை வந்ததும் மீதி 200-ஐ 4:20 வேகத்தில், 52 விநாடியில் முடித்தான். மொத்தம் 4:44.

ஒருவரைத் தாண்டும்போது அவரை உரசிக்கொண்டு போகாமல் ஒரு மீட்டர் விலகி, நன்றாகவே வேகமாகத் தாண்டுங்கள். மெல்லத் தாண்டினால் அவர் உங்கள் பின்னால் ஒட்டிக்கொள்வார், நீங்கள் அவருக்குப் பேசர் ஆகிவிடுவீர்கள். பரிசுக்கு ஓடுகிறவர்களுக்கு இது உயிர்நாடி. 2000 சிட்னி ஒலிம்பிக் 10,000 மீட்டரில் பால் டெர்காட் கடைசிச் சுற்றில் முதலில் பாய்ந்தார். ஹைலே கெப்ரசெலாசி விடாமல் பின்தொடர்ந்து, கோட்டுக்கு மிக அருகில் 0.09 விநாடியில் முந்தினார். முன்னால் போகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது, பின்னால் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். எதிர்க்காற்றும் இருந்தால் சீக்கிரம் கிளம்புகிறவருக்கு இரட்டை நஷ்டம்.

எப்போது கிக் எடுக்கக் கூடாது? ஒன்பதாவது கிலோமீட்டரிலேயே உடம்பு சில்லிட்டு, நேராக ஓட முடியாமல் சாய்ந்தால். அது களைப்பு இல்லை, உடல் சூடு எல்லை மீறுகிறது. அங்கேயே நின்று மருத்துவ உதவி கேளுங்கள்.

## 10. கோட்டைத் தாண்டுவது

கோட்டில் ஒரே இடத்தில் இரண்டு மேட் இருக்கும். இரண்டையும் தாண்டி இன்னும் ஐந்து மீட்டர் ஓடிவிட்டு வேகத்தைக் குறையுங்கள். பல பேர் முதல் மேட்டிலேயே குனிந்து வாட்ச்சை அழுத்துவார்கள். அதில் ஓரிரு விநாடி போகும், பின்னால் முழு வேகத்தில் வருகிறவர் மேலே வந்து விழுவார். சிப் கணக்குப் பார்த்துக்கொள்ளும், வாட்ச்சைப் பிறகு நிறுத்தலாம்.

இரண்டு வருடக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு வேடிக்கை கிடைத்தது. முதல் வருடம் அவன் முதல் பாதியை ஓடிய நேரம் 24:40, பின்பாதி 26:26. இரண்டாம் வருடம் முதல் பாதி 25:16. பின்பாதி? அதே 24:40. அதைக் காட்டியபோது தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அக்கா டைம் என்ன அண்ணா?" என்று கேட்டான். பார்த்தோம். 49:51.